இருநூறு கவண்காரர்கள்

கி.மு. 401-ஆம் ஆண்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்க வீரர்கள் இன்றைய ஈராக்கின் வடபகுதியில் ஸாப் என்ற ஆற்றைக் கடந்து, ஊர் திரும்பும் வழி தேடி நடந்துகொண்டிருந்தார்கள். பாரசீக இளவரசன் சைரஸ், தன் அண்ணனிடமிருந்து அரியணையைப் பறிக்கக் கூலிக்கு அமர்த்திய படை அது. பாபிலோனுக்கு அருகில் குனாக்ஸாவில் நடந்த போரில் சைரஸே மாண்டுபோனான். சம்பளம் தர ஆளில்லை. வந்த வழியே திரும்பவும் முடியாது. போதாக்குறைக்கு, பேச்சுவார்த்தை என்று அழைத்த பாரசீக ஆளுநர் திஸ்ஸாஃபெர்னஸை நம்பிப் போன தளபதிகள் அத்தனை பேரும் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் அவசர அவசரமாகப் புதுத் தளபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் செனோபோன் என்ற ஏதென்ஸ்காரர். பிற்காலத்தில் இந்தப் பயணத்தை ‘அனபாஸிஸ்’ என்ற நூலாக எழுதியவர் அவர்தான்.

ஆற்றைக் கடந்த முதல் நாளே சோதனை வந்தது. மித்ரிடேட்ஸ் என்ற பாரசீகத் தலைவன் 200 குதிரை வீரர்களோடும், வில்லாளிகளும் கவண்காரர்களுமாக 400 பேரோடும் நண்பன்போல நெருங்கி வந்தான். பக்கத்தில் வந்ததும் திடீரென்று அம்புகளும் கற்களும் பறந்தன. கிரேக்கப் படையின் பலம் அதன் கனத்த காலாட்படை. பெரிய கேடயம், நீண்ட ஈட்டி, வெண்கலத் தலைக்கவசம். நேருக்கு நேர் மோதினால் அவர்களை அசைக்க முடியாது. ஆனால் மித்ரிடேட்ஸ் நேருக்கு நேர் மோதவே இல்லை. தூர நின்று அடித்தான். துரத்தினால் ஓடினான். ஓடும்போதே குதிரைமேல் திரும்பி உட்கார்ந்து அம்பு விட்டான்.

கிரேக்கர்களிடமும் கிரீட் தீவின் வில்லாளிகள் இருந்தார்கள். ஆனால் பாரசீக வில்லைவிட அவர்களுடைய வில்லுக்கு எட்டும் தூரம் குறைவு. எறிவேல்காரர்களின் வேல் எதிரியின் கவண்காரர்கள் நின்ற இடம்வரை போகவில்லை. பின்படைக்குப் பொறுப்பாக இருந்த செனோபோன் பொறுக்கமாட்டாமல் தன் ஆட்களோடு விரட்டிப் பார்த்தார். ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. விரட்டிய தூரத்தையெல்லாம் அடி வாங்கிக்கொண்டே திரும்பி நடக்க வேண்டியிருந்ததுதான் மிச்சம். அன்று முழுக்க அந்தப் படை கடந்த தூரம் 25 ஸ்டேடியம், நம் கணக்கில் நாலரை கிலோமீட்டர். இப்படியே போனால் கருங்கடலைப் பார்க்கும் முன்பே எல்லாரும் செத்துவிடுவார்கள் என்பது யாருக்கும் புரிந்திருக்கும்.

அன்றிரவு மற்றத் தளபதிகள் செனோபோனைக் கடிந்துகொண்டார்கள். அவர் தவற்றை ஒப்புக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். நம் படையில் ரோட்ஸ் தீவுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கவண் எறியத் தெரியும் என்று கேள்வி. பாரசீகர் உள்ளங்கை நிறையப் பெரிய கல்லை வைத்து எறிகிறார்கள், அதனால் அது அதிக தூரம் போவதில்லை. ரோட்ஸ்காரர்களுக்கு ஈயக் குண்டு எறியத் தெரியும். அவர்கள் எறிந்தால் இரண்டு மடங்கு தூரம் போகும். யாரிடம் கவண் இருக்கிறதோ, அவர்களுக்குக் காசு கொடுத்து அதை வாங்குவோம். புதிதாகப் பின்னித் தருகிறவர்களுக்கும் காசு கொடுப்போம். கவண்காரனாக வரச் சம்மதிப்பவர்களுக்கு வேறு வேலைகளிலிருந்து விலக்கு அளிப்போம்.

அந்த ஒரே இரவில் 200 கவண்காரர்கள் சேர்ந்தார்கள். இந்த ஏற்பாட்டில் என்னைக் கவர்வது, ஆயுதம் இரவோடு இரவாகத் தயாராகிவிட்டது என்பதே. வாள் வேண்டுமென்றால் கொல்லன் உலை வேண்டும். நல்ல வில் செய்ய மாதங்கள் ஆகும். கவணுக்குக் கயிறு பின்னத் தெரிந்த இரண்டு கை போதும். ஆனால் அதை எறியத் தெரிந்த கையை எந்தக் காசு கொடுத்தாலும் ஒரே இரவில் பின்ன முடியாது. அது அந்தப் படைக்குள்ளேயே, கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வேறு வேலை பார்த்தபடி, ஏற்கெனவே இருந்தது.

கவண் என்றதும் நம்மில் பலருக்குக் கவட்டைக் குச்சியில் ரப்பர் கட்டிய உண்டிவில் நினைவுக்கு வரும். அது வேறு. ரப்பரை இழுவைக்கு ஏற்றபடி பதப்படுத்தக் கற்றதே 19-ஆம் நூற்றாண்டில்தான். இது வெறும் கயிறு. நடுவில் கல்லை வைக்க ஒரு சிறு பை, தோலிலோ கயிற்றையே அகலமாகப் பின்னியோ செய்தது. அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கயிறு. ஒரு கயிற்றின் நுனியில் விரல் நுழையும் வளையம், மற்றதன் நுனியில் ஒரு முடிச்சு. எகிப்தில் தூத்தங்காமன் கல்லறையில், மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வைக்கப்பட்ட லினன் கவண்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றை இன்று ஆண்டீஸ் மலை இடையர் ஒருவர் கையில் கொடுத்தால், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

வளையத்தை நடுவிரலில் மாட்டிக்கொண்டு, முடிச்சைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ள வேண்டும். பையில் கல்லை வைத்து, இடது கையால் அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, இரு கயிறும் ஒரே நீளத்தில் விறைப்பாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று தொய்ந்திருந்தால் சுழலும்போதே கல் பையிலிருந்து நழுவிவிடும். பிறகு சுழற்று, சரியான நொடியில் முடிச்சை விடு. வளையம் விரலிலேயே இருக்கும். முடிச்சுள்ள நுனி பறந்து போக, பை விரிந்து, கல் தான் அந்தக் கணத்தில் போய்க்கொண்டிருந்த திசையிலேயே நேர்கோட்டில் கிளம்பிவிடும்.

இங்கே ஒரு பொதுவான நம்பிக்கையைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். சினிமாக்களில் கவண்காரன் தலைக்கு மேல் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுவான். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறுவதுபோல ‘விர் விர்’ என்று சத்தம் வேறு. சுற்றச் சுற்றக் கல்லில் வேகம் சேர்ந்துகொண்டே போகும் என்றுதான் நாமும் நினைக்கிறோம். கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. மணிக்கட்டைக் கொண்டு ஒரு கயிற்றை நொடிக்கு இரண்டு அல்லது மூன்று சுற்றுதான் வசதியாகச் சுற்ற முடியும். கயிற்றின் நீளம் 90 சென்டிமீட்டர் என்றால், மூன்று சுற்றில் கல்லின் வேகம் நொடிக்கு 17 மீட்டர். கையாலேயே கல்லெறியப் பழகிய ஒருவர் இதைவிட வேகமாக எறிந்துவிடுவார்! வெறும் சுழற்சியில் பெரிய வித்தை எதுவும் இல்லை.

வித்தை கடைசி அரைச் சுற்றில் இருக்கிறது. அதுவரை சும்மா கல்லைப் பையில் நிலைநிறுத்தி, தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கை, இப்போது முழு எறிதலாக மாறும். முன்கால் தரையில் ஊன்றும், இடுப்பு திரும்பும், தோள் அதன் பின்னால் வரும், முழங்கை நிமிரும், கடைசியாக மணிக்கட்டு வெட்டும். வெறுங்கையால் எறியும்போதும் இதே உடலசைவுதான். ஆனால் அங்கே ஒரு தடை உண்டு. கல் எவ்வளவு லேசாக இருந்தாலும், கையைவிட வேகமாக அது போக முடியாது. கைக்கோ தன்னுடைய எடையே பெரும் சுமை. உடலின் வலுவில் பெரும்பங்கு கல்லுக்குப் போகாமல் கையை நகர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. கவண் என்பது கைக்கு எடையே இல்லாத ஒரு நீட்சி. கை ஒரு வட்டத்தில் போகும்போது, அதைவிட இருமடங்கு பெரிய வட்டத்தில் கல் போகிறது, அதே நேரத்தில். பழகியவர் கையில் கல் நொடிக்கு 30 மீட்டரையும் தாண்டி, 35 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அந்த நேரத்தில் 50 கிராம் கல், கயிற்றை ஏறக்குறைய நான்கு கிலோ எடை தொங்குவதுபோல இழுக்கும்.

ரோமானியப் பேரரசின் கடைசிக் காலத்தில் போர்க்கலை பற்றி எழுதிய வெஜிட்டியஸ், புதிதாகப் படையில் சேர்ந்தவர்களுக்குத் தரும் அறிவுரை இதையே உறுதிப்படுத்துகிறது. தலையைச் சுற்றி ஒரே ஒரு முறை சுழற்றிக் கல்லை விடப் பழக வேண்டும் என்கிறார் அவர். அனுபவத்தில் விளைந்த சொல் அது. ஏழு சுற்றுச் சுற்றுகிறவன் எதிரிக்கு ஏழு முறை எச்சரிக்கை கொடுக்கிறான். நெருக்கி நிற்கும் நம் ஆள் தலையில் தட்டவும் ஏழு வாய்ப்பு.

முடிச்சை விடும் நொடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கையும் கவணுமாகச் சேர்ந்து கல் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் திசை ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் ஏறக்குறைய 13 டிகிரி திரும்பிவிடும். 50 மீட்டர் தள்ளி நிற்கும் எதிரிக்கு அது பதினோரு மீட்டருக்கு மேல் விலகல். எதிரி நூலிழையில் தப்பிக்கவில்லை, அவன் பக்கமே கல் போகவில்லை. வலக்கைக்காரர் பக்கவாட்டில் வீசும்போது சீக்கிரம் விட்டால் கல் வலப்பக்கம் போகும், தாமதமாக விட்டால் இடப்பக்கம். தலைக்கு மேலிருந்து செங்குத்தாக வீசினால் பிழை மேலும் கீழுமாக மாறும். முந்தினால் வானத்துக்கு, பிந்தினால் தன் காலடி மண்ணுக்கு. எதிரே நெடுக வரிசையாகப் படை நிற்கும்போது கல் இடமோ வலமோ விலகினாலும் யார் மேலாவது படும். ஒற்றை ஆளைக் குறிவைத்தால் கதை வேறு. முதல்முறை கவண் பிடிப்பவரின் கல் முதுகுப் பக்கம் பறப்பதும் சகஜம், ஆகையால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு எங்கே நிற்பது என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

இந்த நூறில் ஒரு பங்கு நொடியை அறிவால் எண்ணிப் பிடிக்க முடியாது. விரலுக்குப் பழக்கம் இருக்க வேண்டும். அந்தப் பழக்கமும் ஒரே எடைக் கல்லுக்குத்தான் ஏற்படும். இன்று 40 கிராம், நாளை 120 கிராம் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் விரல் ஏமாந்துபோகும். அதனால்தான் கவண்காரர்கள் கையில் கிடைத்த கல்லையெல்லாம் எறியவில்லை, பொறுக்கினார்கள். பைபிளில் தாவீது கோலியாத்தை எதிர்க்கப் போகுமுன் ஓடையில் இறங்கி ஐந்து வழவழப்பான கற்களைத் தேடி எடுக்கிறான். கூர்முனைக் கல் பையில் சிக்கும், காற்றில் தள்ளாடும். இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் மெய்டன் காசில் என்ற இரும்புக்கால மலைக்கோட்டையை 1930-களில் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ஒரே குழியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கவண்கற்கள் குவித்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் அலை உருட்டித் தேய்த்த கூழாங்கற்கள். கோட்டையிருந்த குன்றில் கிடைத்த கல் அல்ல, கடற்கரையிலிருந்து சுமந்து வந்தவை. சும்மா எறிய யாரும் இருபதாயிரம் கல்லை மலைமேல் சுமக்கமாட்டார்கள்.

கவண் நமக்கும் புதிதல்ல. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கிறவர்கள் பரணில் நின்று கவண்கல் எறிந்து கிளியையும் யானையையும் விரட்டுவார்கள். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் ஒரு பாட்டில் அப்படி எறிந்த கல்லின் பாதையையே கபிலர் பின்தொடர்கிறார். யானைக்கு என்று விட்ட கல் வேங்கைப் பூங்கொத்தைச் சிதைத்து, ஆசினிப் பழங்களை உதிர்த்து, தேன்கூட்டைத் துளைத்து, மாங்கொத்தைக் கலக்கி, வாழை மடலைக் கிழித்து, கடைசியில் ஒரு பலாப்பழத்துக்குள் போய்த் தங்கிவிடுகிறது. கவிஞரின் மிகைதான். ஆனாலும் கவண்கல் வானத்துக்கு எழும்பி விழாமல், தட்டையாக, வழியில் உள்ளதையெல்லாம் ஊடுருவிப் போகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் எழுதிய மிகை அது.

ரோட்ஸ்காரர்களின் ஈயத்துக்கு வருவோம். கனமான பொருள் எப்படி அதிக தூரம் போகும்? குண்டு கனமாக இருப்பதால் அல்ல, அதே எடை சின்ன உருவத்துக்குள் அடங்குவதால். 40 கிராம் கல் உருண்டையின் குறுக்களவு மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதே 40 கிராம் ஈயம் என்றால் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. எதிர்க்காற்றுக்கு அது காட்டும் முகப்பு கல்லைவிட இரண்டரை மடங்குக்கு மேல் சிறியது. கையிலிருந்து இரண்டும் ஒரே வேகத்தில்தான் கிளம்புகின்றன. கல்லின் வேகத்தைக் காற்று வழியிலேயே தின்றுவிடுகிறது. ஈயம் அதைத் தக்கவைத்துக்கொண்டு போய்ச் சேருகிறது. அதை உருண்டையாக வார்க்காமல் பாதாம் பருப்புபோல இருமுனையும் கூம்பியதாக வார்த்தார்கள். முனை முன்னோக்கிச் சுழன்றபடி போனால் காற்றின் தடை இன்னும் குறையும்.

பாரசீகர் எறிந்த உள்ளங்கை நிறைக்கும் கல்லைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. கி.மு. 701-இல் அசீரியர் லாக்கீஷ் நகரை முற்றுகையிட்ட காட்சி கற்பலகைகளில் செதுக்கப்பட்டு இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வில்லாளிகளுக்குப் பின்னால் கவண்காரர்கள் நிற்கிறார்கள். லாக்கீஷ் மண்ணில் கிடைத்த கவண்கற்கள் டென்னிஸ் பந்து அளவு. கால் கிலோ கல் நொடிக்கு 30 மீட்டரில் வந்தால், உலகத்தர வேகப்பந்து வீச்சாளரின் பந்துக்கு நிகரான தாக்குதல், பந்துக்குப் பதில் கல். கோட்டை மதிலில் நிற்பவனை வீழ்த்த அது போதும். திறந்த வெளியில் ஓடி ஆடிச் சண்டை போடும்போதுதான் தூரம் முக்கியமாகிறது.

செனோபோனின் கதையில் அந்தத் தூரம் சீக்கிரமே சோதனைக்கு வந்தது. 200 கவண்காரர்களோடு, சுமை இழுத்த குதிரைகளிலிருந்து பொறுக்கி எடுத்த 50 குதிரைகளில் ஒரு சிறு குதிரைப்படையும் தயாராயிருந்தது. மித்ரிடேட்ஸ் மறுபடி வந்தான், இந்த முறை ஆயிரம் குதிரை வீரர்களோடும் 4000 வில்லாளிகள், கவண்காரர்களோடும். இந்தக் கூட்டம் இருந்தால் கிரேக்கர்களைப் பிடித்துத் தருகிறேன் என்று திஸ்ஸாஃபெர்னஸிடம் வாக்குக் கொடுத்திருந்தான். போன தடவை சின்னப் படையே அத்தனை பாடு படுத்தியதில் அவனுக்குத் துணிச்சல். கிரேக்கர் ஒரு பள்ளத்தாக்கைக் கடந்து போகும்வரை காத்திருந்து, பின்னாலேயே அவனும் கடந்தான். அவனுடைய கற்களும் அம்புகளும் வந்து விழத் தொடங்கியதும் கிரேக்க எக்காளம் முழங்கியது. குறித்து வைத்திருந்த ஆட்கள் பாய்ந்தார்கள், குதிரைகளும் பாய்ந்தன. பாரசீகர் பள்ளத்தாக்கை நோக்கி ஓடினார்கள். காலாட்கள் பலர் செத்தார்கள், 18 குதிரை வீரர்கள் உயிரோடு பிடிபட்டார்கள்.

அதற்குப் பிறகு திஸ்ஸாஃபெர்னஸே பெரும்படையோடு வந்தான். கிட்ட நெருங்கி மோத அவனுக்குத் துணிவில்லை. தூர நிறுத்தி வைத்துக் கல்லும் அம்பும் விடச் சொன்னான். அணிகளுக்கு இடையே பிரித்து நிறுத்தப்பட்டிருந்த ரோட்ஸ் கவண்காரர்களும் வில்லாளிகளும் பதில் கொடுத்தார்கள். ஒருவர் குறியும் தவறவில்லை என்கிறார் செனோபோன். அத்தனை நெருக்கமாக நின்ற கூட்டத்தில் குறி தவற வேண்டும் என்று முயன்றாலும் அது எளிதல்ல என்று அவரே சேர்த்துக்கொள்கிறார். பெருமைக்கு நடுவே வந்த இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. திஸ்ஸாஃபெர்னஸ் சட்டென்று குண்டு எட்டாத தூரத்துக்குப் பின்வாங்கினான். மற்ற அணிகளும் பின்வாங்கின. அன்று மிச்ச நேரம் முழுக்கக் கிரேக்கர் முன்னே நடந்தார்கள், பாரசீகர் பின்னால் வந்தார்கள், தொல்லை இல்லை. பாரசீகக் கவணைவிடவும் பெரும்பாலான வில்லைவிடவும் ரோட்ஸ்காரர்களின் குண்டு அதிக தூரம் போனது. அன்று தங்கிய கிராமங்களில் வில்நாணும் ஈயமும் நிறையக் கிடைத்தன என்பதையும் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார். ஈயம் கிடைத்ததா என்பது அப்போது அந்தப் படைக்குச் சோற்றுப் பிரச்சினைபோல ஆகிவிட்டிருந்தது.

எதிரில் நிற்கிறவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? அம்பு வருவது கண்ணுக்குத் தெரியும். அதன் நீளமும் இறகும் வானத்தில் கோடு போடும், கேடயத்தைத் தூக்க நேரம் கிடைக்கும். இரண்டு சென்டிமீட்டர் ஈயக் குண்டை வானத்தின் பின்னணியில் யாரும் பார்க்க முடியாது. பக்கத்தில் நின்றவன் சுருண்டு விழும்போதுதான் வந்தது தெரியும். தைத்த அம்பைப் பார்த்தால் காயம் எங்கே, எவ்வளவு ஆழம் என்று தெரியும். கவண்கல் தோலைக் கிழிக்காமலே எலும்பை முறிக்கும், உள்ளே ரத்தம் கசிய வைக்கும். வெஜிட்டியஸ் இதைத்தான் எழுதுகிறார்: உறுப்பு வெட்டுப்படாமல், ரத்தம் சிந்தாமல், தோல்கவசமும் இரும்புக்கவசமும் அணிந்த வீரன் கல்லடியால் சாகிறான். கவசம் கூர்மையைத் தடுக்கிறது, அடியை உள்ளே கடத்திவிடுகிறது.

ஈயக் குண்டு சிலசமயம் உடலுக்குள்ளேயே போய்விடும். ரோமானிய மருத்துவ எழுத்தாளர் செல்ஸஸ், உடலில் பாய்ந்த ஆயுதங்களை எடுக்கும் முறைகளைச் சொல்லும் இடத்தில் அம்புக்குத் தனியாகவும் ஈயக் குண்டுக்கும் கூழாங்கல்லுக்கும் தனியாகவும் வழி சொல்கிறார். காயத்தைத் தாராளமாகத் திறந்து, குண்டு நுழைந்த வழியிலேயே இடுக்கியால் வெளியே எடுக்க வேண்டும். எலும்பிலோ மூட்டின் நடுவிலோ சிக்கிக்கொண்டால் சிரமம் கூடும். மருத்துவ நூலில் தனி இடம் பிடிக்கும் அளவுக்கு அது வழக்கமான காயமாக இருந்திருக்கிறது.

அந்தப் பயத்தைக் கவண்காரர்களும் தெரிந்தே வளர்த்தார்கள். ஈயத்தை அச்சில் வார்க்கும்போதே எழுத்தும் பதியும்படி செய்தார்கள். மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப் கி.மு. 348-இல் அழித்த ஒலிந்தஸ் நகரத்தில் அவர் பெயர் பொறித்த குண்டுகள் கிடைத்தன. ‘இந்தா, வாங்கிக்கொள்’ என்ற பொருளில் ஒற்றைச் சொல் பொறித்த கிரேக்கக் குண்டுகளும் உண்டு. கி.மு. 41-40 குளிர்காலத்தில் இத்தாலியின் பெரூசியா நகரை ஆக்டேவியன் முற்றுகையிட்டபோது இரு தரப்பும் எறிந்த குண்டுகளில் உள்ள வசவுகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. ஒரு தளபதியின் வழுக்கைத் தலை கேலிக்கு ஆளானது என்பதை மட்டும் சொல்லலாம். ஸ்காட்லாந்தின் பர்ன்ஸ்வார்க் குன்றில் ரோமானியர் எறிந்த குண்டுகளில் சிலவற்றில் சின்ன ஓட்டை போட்டிருக்கிறது. எறிந்து பார்த்த ஆய்வாளர்கள், அது பறக்கும்போது விசில்போல ரீங்காரமிடுகிறது என்று கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத குண்டு காதுக்காவது கேட்கட்டும் என்பது இரக்கத்தால் செய்ததாக இருக்க முடியாது.

இப்படிப்பட்ட கை எங்கே கிடைக்கும் என்பதுதான் பழங்காலத் தளபதிகளின் தலைவலி. பதில் எப்போதும் ஏதாவது ஒரு தீவிலோ மலையிலோ இருந்தது. ஸ்பெயினுக்குக் கிழக்கே உள்ள பலியாரிக் தீவுகள் அவற்றில் பெயர் பெற்றவை. அங்கே தாய்மார்கள் கம்பத்தின் மேல் ரொட்டியை வைத்து, கவணால் அடித்தால்தான் மகனுக்குச் சாப்பிடக் கொடுப்பார்கள் என்று பழைய ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அது எந்த அளவு உண்மையோ, சிறுவயதிலேயே தொடங்க வேண்டும் என்பது உண்மை. தீவுக்காரர்கள் போருக்குப் போகும்போது மூன்று கவண்கள் கொண்டுபோவார்கள். ஒன்று தலையில் சுற்றியிருக்கும், ஒன்று இடுப்பில், ஒன்று கையில். நீளக் கவண் தூரத்துக்கு, குட்டைக் கவண் கிட்டத்துக்கு, நடுத்தரம் இடைத்தூரத்துக்கு. ஒரே எடைக் கல்லுக்குப் பழகிய விரலை மாற்றாமல், கயிற்றை மாற்றித் தூரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு. ஹானிபலின் படையில் அவர்கள் இருந்தார்கள், பிறகு ஜூலியஸ் சீசரின் படையிலும் இருந்தார்கள். கி.மு. 123-இல் ரோமானியத் தளபதி மெட்டல்லஸ் அந்தத் தீவுகளைப் பிடிக்கக் கப்பலில் போனபோது, தளத்தின் மேல் தோல்களை விரித்துக் கட்டிக்கொண்டுதான் கரையை நெருங்கினார்.

கவணின் பலவீனங்களும் எதிரிகளுக்குத் தெரிந்தே இருந்தன. ஒவ்வொருவரைச் சுற்றியும் கயிறு சுழல இடம் விட வேண்டும். ஆகவே கவண்காரர்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்க முடியாது. இடைவெளி விட்டு நிற்கும் அவர்கள்மேல் குதிரைப்படை பாய்ந்தால் தடுக்கக் கேடயச் சுவர் இல்லை, ஈட்டியும் இல்லை. ரோட்ஸ்காரர்களை வைத்துக்கொண்டே செனோபோன் 50 குதிரைகளையும் தேடியது அதனால்தான். மதிலின் சிறு துளை வழியே வில்லாளி அம்பு விடலாம், கவண்காரனுக்கு அது ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிற்சி. ஆடு மேய்க்கும் சிறுவன் நரியை விரட்ட நாள்தோறும் எறிகிற ஊரில் கவண்காரர்கள் தாமாக விளைந்தார்கள். மேய்ச்சலும் வாழ்க்கை முறையும் மாறிய இடங்களில் அந்த விளைச்சல் நின்றது.

ஆண்டீஸ் மலைகளில் நிற்கவில்லை. 1536-இல் பெருவின் குஸ்கோ நகரை இன்கா படைகள் முற்றுகையிட்டபோது, பழுக்கக் காய்ச்சிய கற்களைப் பஞ்சில் சுற்றிக் கவணால் எறிந்தார்கள். கூரை வேய்ந்த வீடுகள் பற்றி எரிந்தன. ஸ்பானியர்களிடம் குதிரையும் இரும்புக்கவசமும் துப்பாக்கியும் இருந்தன. நகரத்துக்கு மேலேயுள்ள சக்சாயுவாமன் கோட்டையைத் திரும்பப் பிடிக்கப் போன படைக்குத் தலைமை தாங்கியவர் பெருவை வென்ற பிரான்சிஸ்கோ பிசாரோவின் தம்பி யுவான் பிசாரோ. தாடையில் ஏற்கெனவே பட்ட காயத்தின் வீக்கத்தால் அன்று அவரால் தலைக்கவசம் மாட்ட முடியவில்லை. மேலிருந்து வந்த ஒரு கல் தலையில் விழுந்தது. சில நாட்களில் இறந்துபோனார்.